முன்பின் தெரியாதவரின் கையெழுத்து

அன்புள்ள அண்ணா,

தகவல் பாதுகாப்புச் சான்றிதழான சிஐஎஸ்எஸ்பி தேர்வில் தேறிவிட்டேன். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், எட்டு வருட ஐடி அனுபவம். முதல் நான்கு வருடம் ஹெல்ப்டெஸ்க். சான்றிதழ் விண்ணப்பத்தில் அதையும் ‘செக்யூரிட்டி அனலிஸ்ட்’ என்று போட்டுவிடலாம் என்கிறார்கள். டெலிகிராம் குழுவில் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு, என் அனுபவம் உண்மைதான் என்று கையெழுத்திட்டு எண்டார்ஸ் செய்வாராம். அடுத்து இன்னொரு பாதுகாப்புச் சான்றிதழான சிஐஎஸ்எம் எழுதலாமா?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

தேறியதற்கு வாழ்த்துகள். சிஐஎஸ்எம் பற்றிப் பிறகு பேசலாம். அந்த டெலிகிராம் ஆசாமியிடம் போகாதீர்கள், தம்பி.

இந்தச் சான்றிதழைத் தரும் ஐஎஸ்சி2 அமைப்பு கேட்பது ஐந்து வருட முழுநேர அனுபவம். எட்டுப் பாடப்பிரிவுகளில் குறைந்தது இரண்டிலாவது அந்த வேலை அமைந்திருக்க வேண்டும். உங்கள் பட்டப்படிப்புக்கு ஒரு வருடம் கழித்துக்கொள்வார்கள். ஆக, தேவை நான்கு வருடம். ஹெல்ப்டெஸ்க்கை விட்டால் என்ன மிச்சம்? கடிதத்தோடு அனுப்பிய பயோடேட்டாவைப் பார்த்தேன். மூன்று வருடம் ஃபயர்வால், விபிஎன்: அது நெட்வொர்க் பாதுகாப்பு. ஒரு வருடம் லாக் கண்காணிப்பு: அது செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ். கணக்கு நேர்மையாகவே நிறைகிறது. கையில் உண்மை இருக்கும்போது எதற்கு இந்தப் பொய்?

முன்பு என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவன் என்னை எண்டார்ஸ் செய்யச் சொல்லி இதே படிவத்தோடு வந்தான். ஐந்து வருடம் பாதுகாப்புப் பணி என்று எழுதியிருந்தான். அதில் முதல் இரண்டு வருடம் அவன் பிரிண்டர் டோனர் கணக்கும் லேப்டாப் ஃபார்மட்டுமாக இருந்ததை நான் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தவன். முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்தினான். அவன் அசோசியேட்டாகப் பதிந்துகொண்டான். தேர்வு தேறியும் அனுபவம் போதாதவர்களுக்கான வழி அது, அனுபவத்தைச் சேர்க்க ஆறு வருடம் தருகிறார்கள். குறைவாக இருந்த காலத்தை உண்மையாகவே முடித்துவிட்டு மறுபடி வந்தான். அன்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

எண்டார்ஸ் செய்பவர் உங்களுக்கு நற்சான்றிதழ் எழுதவில்லை. ‘இவர் சொல்லும் அனுபவம் எனக்குத் தெரிந்தவரை உண்மை’ என்று சாட்சி சொல்கிறார். உங்களைப் பார்த்தே இராதவர் அதை எப்படிச் சொல்வார்? காசுக்குச் சொல்கிறவர் நாளைக்கு உங்களைப் போல நாற்பது பேருக்கும் சொல்வார். விண்ணப்பங்களில் சிலவற்றை எடுத்துத் தணிக்கையும் செய்கிறார்கள். அப்போது பழைய கம்பெனி ‘இவர் ஹெல்ப்டெஸ்க்’ என்று ஒரு வரி எழுதினால் உங்கள் கதி என்ன? இதையெல்லாம் யோசிக்காமலா பாதுகாப்புத் துறைக்கு வந்தீர்கள்?

தெரிந்தவர்களில் ஐஎஸ்சி2 சான்றிதழ் பெற்றவர் யாரும் இல்லையென்றால் ஐஎஸ்சி2-வையே எண்டார்ஸ் செய்யக் கேட்கலாம். படிவத்திலேயே அந்த வசதி இருக்கிறது. அதற்கு வேலைச் சான்றுகள் வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை மூன்றும் இருக்கட்டும். ‘சிஸ்டம் இன்ஜினியர்’ என்று பதவியை மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ஃபயர்வால் விதிகளைப் பார்த்துக்கொண்டதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

தேறிய நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் இது முடிய வேண்டும். பழைய கம்பெனி எச்ஆருக்கு இந்த வாரமே மெயில் போடுங்கள். ஒப்புதல் வரும்வரை பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்ளாதீர்கள். லிங்க்ட்இனில் இப்போதே போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணா