குறைவாகச் சாப்பிடும் அம்மாவுக்குப் புரதம்

"அம்மாவுக்கு 72 வயசு, எடை 50 கிலோ. மூணு வேளையும் அரைக் கிண்ணம் கஞ்சிதான். இந்த வயசுக்கு இது போதும்தானே?"

போதாதுங்க. பசி குறைந்தாலும் புரதத் தேவை குறைவதில்லை. வயதான தசைக்கு அதே புரதம் முன்போல ஒட்டாது. அதனால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது அம்மாவுக்கு நாளுக்கு 50–60 கிராம் வேண்டும்.

கஞ்சியின் அளவைக் கூட்டாதீர்கள், வயிறுதான் நிறையும். தண்ணீருக்குப் பதிலாக 200 மில்லி பாலில் காய்ச்சி, இறக்கியபின் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 30 கிராம் கட்டியில்லாமல் கரையுங்கள். அதிலேயே சுமார் 16 கிராம் புரதம். காலையும் இரவும் இப்படி. மதியம் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பும் கொடுத்தால் 50-ஐத் தொட்டுவிடும்.

நாற்காலியில் கையை ஊன்றித்தான் எழுகிறாரா, பாருங்கள். தசை கரைவதன் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.