அகவலா, விருத்தமா? தேர் நிற்கும் இடத்தில் பாட்டும் நிற்க வேண்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் ஆடிக் கொடையில், அம்மன் தேர் நான்கு தெருக்களையும் சுற்றி வரும்போது பாடுவதற்காக 48 அடிகளில் ஓர் அகவல் எழுதியிருக்கிறேன். முதல் ஏழு அடிகளை இத்துடன் அனுப்பியுள்ளேன். இருபது பெண்கள் சேர்ந்து பாடப்போகிறோம். விழாக்குழுப் பெரியவர் ஒருவர், "அகவல் சரிவராது, விருத்தமாக எழுதிக் கொண்டுவாருங்கள்" என்கிறார். விநாயகர் அகவலை ஊரே பாடும்போது இது மட்டும் ஏன் சரிவராது? எதைத் தேர்வது?

ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். முதலில் அந்தப் பெரியவரிடம், விருத்தம் என்று அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாப்பில் விருத்தம் என்பது, ஒரே அளவுள்ள நான்கு அடிகள் ஓரெதுகை பெற்று வருகிற பாவினம். பாடுபவர்கள் வழக்கில், ஒருவர் தாளமில்லாமல் இராகத்தை விரித்துப் பாடுகிற முறைக்கும் விருத்தம் என்றுதான் பெயர். அந்த முறையில் வெண்பாவையும் பாடலாம், உங்கள் அகவலின் நான்கு அடிகளையும் பாடலாம். இந்தப் பெயர்க் குழப்பம் போதாதென்று, அப்பர் தேவாரத்தில் திருவிருத்தம் என்று வழங்கும் பதிகங்கள் யாப்பால் கட்டளைக் கலித்துறையாக இருக்கின்றன. பெரியவர் இரண்டாம் பொருளில் பேசியிருந்தால், அவர் எதிர்பார்ப்பது தனிக்குரல் பாடகர் ஒருவரை. இருபது பெண்கள் சேர்ந்து தாளமில்லாமல் இராகத்தை விரிக்க முடியாது. அவர் யாப்பைத்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

அவ்வாறாயின், அவர் சொன்னது சரி என்பதே என் கருத்து. ஆனால் அகவலைப் பாட முடியாது என்பது அதற்குக் காரணம் அன்று. அகவல் என்பது ஆசிரியப்பாதான். அதன் நாற்சீர் அடியைப் போலக் கூட்டமாகப் பாட எளிதானது வேறில்லை. விநாயகர் அகவலின் 72 அடிகளும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்குக்கூட மனப்பாடமாக இருப்பது அதனால்தான். ஆனால் அது பாடப்படும் இடத்தைப் பாருங்கள். எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், பாடி முடித்த பிறகே தீபாராதனை. அங்கே பாட்டு முடியும்வரை பூசை காத்திருக்கிறது. தேரில் நிலைமை தலைகீழ். தேர் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தேங்காய் உடைக்க நிற்கும் வீடுகளும், வடம் பிடிப்பவர்களும், மின்கம்பியைத் தூக்கிப் பிடிப்பவரும் முடிவு செய்வார்கள். அங்கே பாடலைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அதை எந்த இடத்தில் நிறுத்த முடியும் என்பதுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் வீதியுலாவுக்கு 60 அடியில் ஓர் அகவல் எழுதிக் கொடுத்தேன். தெருமுனையில் திடீரென்று மணி அடித்தது, கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். பாடிக்கொண்டிருந்தவர்கள் 'காத்து' என்ற சொல்லில் நின்றார்கள். யாரைக் காத்து, காத்து என்ன செய்தாள் என்பதெல்லாம் அந்தரத்தில் தொங்கியது. ஆரத்தி முடிந்ததும் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் பாதிப் பேர் முதலடிக்குப் போனார்கள், மீதிப் பேர் எங்கோ நடுவில் தொடங்கினார்கள்.

உங்கள் ஏழு அடிகளிலும் அதே அமைப்புதான் இருக்கிறது:

வேம்பின் நிழலில் வீற்றிருந் தருளி
ஏரிக் கரையை இரவெலாம் காத்து
மழையாய் வந்து மண்ணை நனைத்து
விதைத்த நெல்லை விளைய வைத்துப்
பசியும் பிணியும் பறந்திடச் செய்து
தலைமுறை தோறும் தாங்கி
அருள்புரி தாயே அடைக்கலம் நீயே

யாப்பில் குறையில்லை. ஈற்றயலடி முச்சீராய் வந்து ஏகாரத்தில் முடிகிற நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் இந்த ஏழு அடிகளுக்குள்ளேயே நிறைவேறிவிட்டது. நீங்கள் 48 அடிகளையும் ஒரே பாவாக நடத்துவதானால் அந்த முச்சீரடி 47ஆம் அடியாக அல்லவா வரவேண்டும்? அதை ஒருமுறை பாருங்கள். நான் சுட்ட விரும்புவது வேறு. அருளி, காத்து, நனைத்து, வைத்து, செய்து, தாங்கி என்று ஆறு வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, கடைசி அடியில்தான் முடிகின்றன. அகவலின் அழகே அந்த ஓட்டம். கேட்பவரை மூச்சுவிடாமல் இழுத்துக்கொண்டு போகும். ஆசிரியப்பாவுக்குக் குறைந்தது மூன்றடி வேண்டும் என்றுதான் இலக்கணம், மேல்வரம்பு இல்லை. வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடி ஓடுவது அந்த இடத்தைப் பயன்படுத்தித்தான். ஆனால் இந்த ஓட்டத்தை நடுவில் வெட்டினால் வாக்கியம் முறிந்துவிடும்.

விருத்தத்தில் ஒவ்வொரு பாடலும் தன்னளவில் முடிந்துவிடுகிறது. மணி அடித்தால் அந்தப் பாடலை முடித்துவிட்டு நிற்கலாம், தேர் நகர்ந்தால் அடுத்ததைத் தொடங்கலாம், நேரம் மிஞ்சினால் முதற்பாடலுக்கே திரும்பலாம். உங்கள் பொருளையே அறுசீர் விருத்தத்தில் வைத்துப் பார்த்தேன்:

ஏரியின் கரையில் வேம்பின்
இலைநிழல் அமர்ந்த அம்மா
மாரியாய்ப் பொழிந்து நெல்லின்
மணிக்கதிர் விளைய வைத்தாய்
ஊரினைப் பிடித்த நோயை
ஒருநொடிப் பொழுதில் தீர்த்தாய்
தேரினில் வருக தாயே
திருவடி தலைமேல் வைப்போம்

எட்டு வரியாக எழுதியிருக்கிறேன், யாப்பில் இது நான்கு அடி. ஒவ்வோர் அரையடியும் விளம், மா, தேமா என்று நடக்கிறது. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையில் 'பச்சைமா மலைபோல் மேனி' என்று வருகிறதே, அந்த நடைதான். காதில் ஏற்கெனவே இருக்கிற நடையாதலால் உங்கள் குழுவினருக்கு மெட்டுக் கற்றுக்கொடுக்க அதிக நேரம் ஆகாது.

இந்த நடையில் தவறு எங்கே நேரும் என்பதையும் சொல்கிறேன். மூன்றாம் சீர் 'வேம்பின்' என்று நேரசையில் தொடங்குவதால்தான் அரையடி அங்கே ஊன்றி நிற்கிறது. அதை மாற்றி 'ஏரியின் கரையில் மரத்தின்' என்று பாடிப் பாருங்கள். அதுவும் மாச்சீர்தான், ஆனால் 'மரத்' என்னும் நிரையசை நிற்க வேண்டிய இடத்தில் ஓடப் பார்க்கிறது. தனியாக வாசிக்கும்போது இது தெரியாது. பாடலைப் பார்த்தறியாத ஒருவரிடம் முதற்பாடலின் மெட்டை மட்டும் சொல்லிக்கொடுத்து, இரண்டாம் பாடலைத் தாளில் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். அவர் எங்கே ஒரு எழுத்தை விழுங்குகிறாரோ, எங்கே தேவையில்லாமல் நீட்டுகிறாரோ, அங்கே சீர் பிசகியிருக்கிறது. அகவலில் இப்படிப்பட்ட பிசகு பெரிதாக உறுத்தாது, ஏனென்றால் மாவும் விளமும் அங்கே எப்படியும் கலந்துதான் வரும். வகையுளியும் அப்படியே. உங்கள் முதலடியில் 'வீற்றிருந் தருளி' என்று சொல் இரண்டாய்ப் பிரிந்திருந்தாலும் வாய் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. விருத்தத்தின் அரையடி முடிவில் அப்படிப் பிரிந்தால், பாடுபவர்கள் அங்கே மூச்சு வாங்குவார்கள், சொல் உடைந்துவிடும்.

இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உங்கள் ஏழு அடிகளில் 27 சீர், என் விருத்தத்தில் 24 சீர். அளவில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் உங்கள் பாடலில் மிக நல்ல அடியான 'ஏரிக் கரையை இரவெலாம் காத்து' என்னிடம் இல்லை. கரையும் வேம்பும் வந்தன, இரவுக் காவல் போய்விட்டது. அதற்குப் பதிலாக, 'ஊரினை' என்பதற்கு மோனை வேண்டும் என்பதற்காகவே 'ஒருநொடிப் பொழுதில்' என்று ஒரு தொடர் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் பொருளில் எதுவும் குறையாது. விருத்தம் எழுதுபவர்களுக்கு இது ஓயாத தொல்லை. நான்கு அடிக்கும் ஒரே எதுகை தேட வேண்டும், பிறகு ஒவ்வோர் அடியையும் நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பிய தொடர் ஒரு பாடலில் ஒன்று இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், மூன்று இருந்தால் பாடலையே மாற்றி எழுத வேண்டும்.

'திருவடி தலைமேல் வைப்போம்' என்பதை எல்லாப் பாடலுக்கும் மகுடமாக வைத்தால், அந்த அரையடியை மட்டும் தெருவே சேர்ந்து பாடும். வடம் பிடிப்பவர்களுக்கும் அது போதும். ஆனால் மகுடம் வைப்பதற்கு ஒரு விலை உண்டு. அது 'தி'யில் தொடங்குவதால், மோனை கெடாமல் இருக்க ஒவ்வொரு பாடலின் நான்காம் அடியும் தி, தீ, தெ, தே ஆகியவற்றில் ஒன்றில் தொடங்க வேண்டும். இன மோனையாகச் சி, சீ, செ, சே வரலாம். அந்த அடியின் முதலெழுத்தை மகுடம் பிடித்துக்கொள்கிறது, இரண்டாம் எழுத்தை எதுகை பிடித்துக்கொள்கிறது. ஆகவே நான்காம் அடியை முதலில் எழுதுங்கள். 'தீயினை', 'செல்வமும்', 'சிந்தையில்' என்று கூவிளச் சீர்களாகப் பத்துச் சொற்களைப் பட்டியலிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றின் எதுகைக்கும் மேலே மூன்று அடிகளைத் தேடுங்கள். முதலடியிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் மூன்றடி நன்றாக எழுதிவிட்டு, நான்காம் அடியில் சொல் கிடைக்காமல் மகுடத்தை வளைப்பார்கள்.

பத்துப் பாடல் போதும். தலைவி ஓர் அரையடி சொல்லக் குழு திருப்பிச் சொல்வதென்றால் ஒரு பாடலுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும். உங்கள் 48 அடிகளில் அருள்செயல்கள் நிறைய இருக்கும், ஒரு பாடலுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் திணிக்காதீர்கள்.

அகவலைக் கைவிட வேண்டாம். கொடையன்று சந்தனக்காப்பு முடியும்வரை திரை போட்டிருப்பார்கள் அல்லவா? அந்த நேரத்தில் கூட்டம் உட்கார்ந்திருக்கும், நடுவில் மணி அடிக்காது. அங்கே பாடுங்கள். அர்ச்சகரிடம் முன்கூட்டியே பேசி, கடைசி அடியின் 'அடைக்கலம் நீயே' கேட்ட பிறகு திரையை விலக்கச் சொல்ல முடிந்தால், நீங்கள் ஆறு அடிகளாக நீட்டிக்கொண்டு போன வினையெச்சங்களுக்கு அம்மன் முகமே முடிபாக வந்து நிற்கும்.

தேருக்கான விருத்தங்களை அச்சடிக்கும்போது, நான் மேலே எழுதியதைப் போல அரையடிக்கு ஒரு வரியாக, பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு பாடல் மட்டும் அச்சிடுங்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில், ஒரு கையில் தீபத்தட்டோடு நடந்துகொண்டு படிக்க வேண்டியிருக்கும்.