கட்டகத்தின் பெயரைச் சொல்லாமலே பகுப்பாய்வு தெரிய வேண்டும்

கேள்வி: பழைய எம்.பி.ஏ. வினாத்தாள்களில் வரும் கேஸ் ஸ்டடிகளுக்கு ஸ்வாட், ஐந்து சக்திகள், மதிப்புச் சங்கிலி என்று எல்லாக் கட்டகங்களையும் வரிசையாக எழுதுகிறேன். பதில் பட்டியலாகவே நின்றுவிடுகிறது. எப்படி மாற்றுவது?

முதலில் நிறுவனத்தின் முன்னுள்ள முடிவு எது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த முடிவை எடுக்க விடாமல் தடுக்கும் சிக்கலை எந்தக் கட்டகம் திறந்து காட்டுகிறதோ, அதை மட்டும் ஆழமாகப் பயன்படுத்துங்கள்.

நிர்மாவை எடுத்துக்கொள்வோம். கர்சன்பாய் படேல் 1969-இல் அகமதாபாத்தில் தொடங்கிய இந்தச் சலவைத்தூள், ஹிந்துஸ்தான் லீவரின் சர்ஃப் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் விற்பனையானது. 1980-களில் ஹிந்துஸ்தான் லீவர் எடுக்க வேண்டியிருந்த முடிவு, சர்ஃபின் விலையைக் குறைப்பதா, வேறு வழி தேடுவதா என்பதே.

ஐந்து சக்திகளில் இங்கே உண்மையில் பேசுபவை இரண்டுதான். உலர்த்தும் கோபுரம் இல்லாமல், சோடா சாம்பலை அடிப்படையாகக் கொண்ட கலவையைக் கையாலேயே கலந்து தயாரிக்க முடிந்ததால் நுழைவுத் தடை தகர்ந்தது. நிர்மாவை வாங்கியவர்களில் பலர் அதுவரை சலவைக்கட்டியால் துவைத்தவர்கள் என்பதால், அது சர்ஃபின் வாடிக்கையாளர்களைப் பறித்ததைவிட, மாற்றுப்பொருளைப் பயன்படுத்தியவர்களைத் தூளுக்கு இழுத்து வந்ததே பெரிது. மற்ற மூன்று சக்திகளுக்கும் பத்தி ஒதுக்கத் தேவையில்லை.

கேஸின் முடிச்சு மதிப்புச் சங்கிலியில் இருக்கிறது. சிறுதொழில் பிரிவுக்கான கலால் வரிச் சலுகை, குறைந்த கூலி, எளிய சேர்மானம், மெலிந்த நிர்வாகச் செலவு ஆகியவை ஒன்றையொன்று தாங்கி நின்றே நிர்மாவின் விலையைச் சாத்தியமாக்கின. பெரிய ஆலையும் அமைப்புசார் தொழிலாளர்களும் கொண்ட நிறுவனம் இவற்றில் ஒன்றை மட்டும் நகலெடுத்துப் பயனில்லை. சர்ஃபின் விலையைக் குறைத்தால் செலவு அப்படியே இருக்க, லாபம் மட்டுமே கரையும். ஆகவே தனிப் பெயர், தனிச் சேர்மானம், வெளியாரிடம் பரவலாக்கப்பட்ட உற்பத்தி என்னும் வேறொரு சங்கிலியே தேவைப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் ஹிந்துஸ்தான் லீவர் கொண்டுவந்த வீல் என்ற மலிவு சலவைத்தூள் அப்படித்தான் உருவானது. சோடா சாம்பல் கையை எரிக்கும் என்ற நிர்மாவின் குறையை வீல் பிடித்துக்கொண்டதை, பலவீனம் என்ற கட்டத்தில் ஒரு சொல்லாக அடைக்காமல், இந்த இடத்தில் எழுதினால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுவனத்தின் பெயரை மாற்றிப் படித்துப் பாருங்கள். ‘வலுவான பிராண்டு, கடும் போட்டி’ போன்றவை எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும், அவற்றை அடித்துவிடலாம். வினாத்தாளே ஒரு கட்டகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் இந்தச் சுதந்திரம் இல்லை. எல்லாக் கூறுகளையும் தொட்டாக வேண்டும். அப்போதும் முக்கியமற்றவற்றை, ஏன் முக்கியமில்லை என்ற காரணத்தோடு ஒரே வரியில் முடிக்கலாம்.

பரிந்துரைப் பகுதியில் பலர் வீலைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மலிவான தூள் சர்ஃபின் வாடிக்கையாளர்களையே கீழே இழுக்கும் ஆபத்தையும், அதைத் தடுக்க இரண்டுக்கும் விலையிலும் வாக்குறுதியிலும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.