போலி மாத்திரையும் மறைப்பும்: மனநல ஆய்வில் ஒரு சிக்கல்

கேள்வி: மருந்துச் சோதனையில் போலி மாத்திரை கொடுக்கிறார்கள், சரி. பேச்சு சிகிச்சையில் என்ன செய்வார்கள்? யாருக்கு எது கிடைத்தது என்று மறைப்பது அவ்வளவு முக்கியமா?

ஆமாம், ரொம்பவே முக்கியம். 2023ல் வெளியான ஓர் அமெரிக்க, இஸ்ரேலிய ஆய்வைப் பாருங்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் (பிடிஎஸ்டி) உள்ள 104 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பேச்சு சிகிச்சை. கூடவே ஒரு குழுவுக்கு எம்டிஎம்ஏ என்ற, மனநிலையை மாற்றும் மருந்து, மற்றதற்குப் போலி மாத்திரை.

முடிவில் மருந்துக் குழுவில் 71 சதவீதம் பேருக்கு நோய்க்கான வரையறை பொருந்தவில்லை. போலி மாத்திரைக் குழுவிலும் 48 சதவீதம்! இந்த ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் 71 முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்போம். அந்த 48க்குள் பேச்சு சிகிச்சையும், எதிர்பார்ப்பும், நோய் தானாகத் தணிவதும் சேர்ந்தே இருக்கின்றன.

சரி, மிச்சமுள்ள 23 மருந்தால்தானா? அங்கேதான் சிக்கல். எம்டிஎம்ஏ சாப்பிட்டால் உடம்புக்கே தெரிந்துவிடும். மருந்துக் குழுவில் 94 சதவீதம் பேர் தங்களுக்குக் கிடைத்ததைச் சரியாக ஊகித்தார்கள், மற்றதில் 75. ஒரு பக்கம் நம்பிக்கை, மறுபக்கம் ஏமாற்றம். நோயின் தீவிரத்துக்கு மதிப்பெண் போட்டவர்களுக்கு யாருக்கு எது கிடைத்தது என்று தெரியாது என்றாலும், அவர்கள் கேட்டது நோயாளியின் வாயிலிருந்துதான். 2024ல் அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ இந்த மருந்துக்கு அனுமதி மறுத்தபோது இதுவும் ஒரு கவலையாக இருந்தது.

பேச்சு சிகிச்சையை மட்டும் சோதித்தால் சிகிச்சையாளரிடம் எதையும் மறைக்கவே முடியாது. பலர் காத்திருப்புப் பட்டியலோடு, அதாவது இன்னும் சிகிச்சை கிடைக்காமல் காத்திருப்பவர்களோடு ஒப்பிடுகிறார்கள். அது பலனை ஊதிக் காட்டும் என்பது என் கருத்து. அதே அளவு நேரம், அதே அக்கறையோடு தரும் வேறொரு பேச்சு சிகிச்சையோடு ஒப்பிடுவதே நியாயம்.