ஆச்சி ஏன் அப்படிச் சொன்னாள்? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓய்வு பெற்ற தமிழாசிரியையும் அவர் பேத்தியும் செங்கோண முக்கோணத்தின் சாய்வுப் பக்கத்துக்கு அளவு சொல்லும் ஒரு பழைய கணக்குப் பாட்டுக்குப் பொருள் தேடும் உங்கள் கதையைப் படித்தேன். எங்கள் உறவினர் குழுவில் இந்தப் பாட்டை அடிக்கடிப் பகிர்கிறார்கள். பிதாகரஸுக்கு முன்பே தமிழர் கண்டது என்கிறார்கள். நானும் 4, 3 போட்டுப் பார்த்தேன், சரியாக 5 வந்தது. ஆனால் உங்கள் கதையில் ஆச்சி, "இது எல்லா முக்கோணத்துக்கும் ஆகாது" என்கிறாள். சரியாக வருகிற கணக்கை ஏன் அப்படிச் சொல்ல வைத்தீர்கள்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

கதை படிக்காதவர்களுக்காகப் பாட்டை முதலில் தருகிறேன். பகிர்கிறவர்கள் ஆளுக்கு ஓர் எழுத்தை மாற்றிப் போடுகிறார்கள். பொதுவாக இப்படி இருக்கும்:

ஓடும் நீளம் தனை ஓரெட்டுக் கூறாக்கிக்
கூறிலே ஒன்றைத் தள்ளிக் குன்றத்தில் பாதியாய்ச்
சேர்த்தால் வருவது கர்ணம் தானே.

தரையோடு ஓடும் நீளத்தை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மீதியோடு உயரத்தில் பாதியைச் சேர்த்தால் சாய்வுப் பக்கம் வரும். நீளம் 4, உயரம் 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. நீங்கள் போட்டது இதுதான். கதையில் பேத்தி முதல் நாள் போடுவதும் இதுதான். அன்று இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் அவள் பக்கங்களை மாற்றிப் போடுகிறாள். 3 நீளம், 4 உயரம். இரண்டேமுக்காலுக்கும் கொஞ்சம் குறைவாக ஒன்று வருகிறது, அதோடு 2 சேர்த்தால் 4.625. அதே முக்கோணம், அதே சாய்வு, ஆனால் விடை வேறு. பாட்டு சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு என்பது ஆச்சிக்கு அங்கேதான் தட்டுப்படுகிறது. இரண்டு பக்கங்களில் பெரியதைத்தான் 'ஓடும் நீளம்' என்று எடுக்க வேண்டும். தமிழாசிரியையாக அந்த வரியை எத்தனையோ முறை வகுப்பில் சொன்னவள் அவள். சொல்லுக்குச் சொல் உரை தெரியும். எந்தப் பக்கம் எது என்று கேட்கும் தேவை அதுவரை வந்ததே இல்லை.

அதற்கடுத்த கணக்குதான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். பேத்தி 20 அடி நீளம், 4 அடி உயரம் என்று எடுக்கிறாள். இருபதில் எட்டில் ஒரு பங்கு போனால் பதினேழரை. நாலில் பாதி இரண்டு. மொத்தம் பத்தொன்பதரை. "இங்க பாருங்க ஆச்சி, தரையே இருபது அடி. சாஞ்சு போற வழி அதைவிடக் குறைஞ்சிருக்கு!" என்கிறாள். உண்மையான நீளம் 20.4 அடிக்குச் சற்றுக் குறைவு. உயரம், நீளத்தில் கால் பங்குக்குக் கீழே போனால் எப்போதுமே இந்த விபரீதம் நடக்கும். ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலே தெரிந்துவிடுகிற தவறு இது. ஆச்சி அதைப் பார்த்த பிறகும் "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று சொல்ல என்னால் எழுத முடியாது.

அப்படியானால் 4, 3 போட்டபோது எப்படித் துல்லியமாக வந்தது? பேத்தி பத்தாம் வகுப்பு. இருபடிச் சமன்பாடு பள்ளியில் அப்போதுதான் நடக்கிறது. நீளத்தை 1 என்றும் உயரத்தை x என்றும் வைத்து, பாட்டின் விடையும் பிதாகரஸ் விடையும் எங்கே சமமாகும் என்று கேட்கிறாள். இரு பக்கமும் வர்க்கம் எடுத்துச் சுருக்கினால் இது மிஞ்சுகிறது:

48x² − 56x + 15 = 0

அதைக் காரணிப்படுத்தினால் (4x − 3)(12x − 5) = 0. ஆகவே x என்பது 3/4 அல்லது 5/12, வேறு எதுவும் இல்லை. 4, 3, 5 முக்கோணமும் 12, 5, 13 முக்கோணமும், அவற்றின் மடங்குகளும் மட்டும்தான் பாட்டுக்கு அச்சாகப் பொருந்தும். பள்ளிப் புத்தகங்களில் நாம் எல்லோரும் முதலில் பார்க்கிற முக்கோணங்களும் இவைதான். அதனால்தான் சோதித்துப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் முதல் முயற்சியிலேயே நம்பிவிடுகிறார். உங்கள் குழுவில் நடப்பதும் இதுவே.

பிதாகரஸ் தேற்றம் எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் பொருந்தும். இந்தப் பாட்டு அதைச் சொல்லவில்லை. காலத்தைப் பற்றிச் சொல்கிறவர்களும் எந்தச் சுவடி, எந்த நூல் என்று காட்டுவதில்லை. பாட்டின் நடையோ பிற்காலத்தது. மூலைவிட்டத்தின் வர்க்கம் பற்றிய பொதுவிதி இந்தியாவில் பௌதாயன சுல்ப சூத்திரத்தில் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்க் கணக்கின் பெருமைக்குக் கணக்கதிகாரம் போதும். "வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி" என்ற அதன் வாய்ப்பாடு எந்த வட்டத்துக்கும் துளி பிசகாது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு.

ஆனால் ஆச்சி அந்தப் பாட்டைத் தூக்கி எறியவில்லை, கவனித்திருப்பீர்கள். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கூரை வேலை நடக்கிற அந்தப் பகுதி. பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரைக்குக் கைமரம் வெட்டுகிறார்கள். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழ் வரை 8 அடி, முகடு எழும்புவது 5 அடி. பாட்டின்படி 7 அடியும் இரண்டரை அடியும், மொத்தம் ஒன்பதரை. உண்மையான நீளம் 9.43 அடி. வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு, அதுவும் கூடுதலாக. இந்தக் கூடுதல் தற்செயல் அல்ல. உயரம், நீளத்தில் 5/12 பங்குக்கும் 3/4 பங்குக்கும் இடையே இருக்கும்வரை பாட்டின் விடை எப்போதும் சற்று அதிகமாகத்தான் வரும். நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தாண்டாது. கூடுதலாக இருக்கிற மரத்தை அறுத்துக்கொள்ளலாம், குறைந்துபோன மரத்தை என்ன செய்வது? ஓட்டுக் கூரையின் சரிவு பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. இதற்கு வர்க்கமூலம் வேண்டாம், எண்ணே வேண்டாம். நீளத்துக்கு ஒரு கயிறு எடுத்து மூன்று முறை மடித்தால் எட்டு மடிப்பு. ஒரு மடிப்பை விட்டுவிடலாம். உயரத்துக்கு எடுத்த கயிற்றை ஒரு முறை மடித்து முடிச்சுப் போட்டால் கைமரத்தின் அளவு கையில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தச்சரும் செய்யலாம். பாட்டைக் கட்டியவர் மனத்தில் கூரைதான் இருந்தது என்று ஆச்சி ஊகிக்கிறாள். அது கதாபாத்திரத்தின் ஊகம், வரலாறு அல்ல. எனக்கு அந்த ஊகம் நியாயமாகப் படுகிறது.

அடுத்த முறை குழுவில் பாட்டு வந்தால் 12 நீளம், 2 உயரம் போடச் சொல்லுங்கள். பதினொன்றரை வரும், தரையைவிடக் குறைவு. அப்புறம் 12, 7 போடச் சொல்லுங்கள். பாட்டு 14 என்னும், வர்க்கமூலம் 13.89 என்னும். இரண்டையும் சேர்த்தே பகிரச் சொல்லுங்கள்.

அன்புடன்.