பாதி விற்பதா, முழுவதையும் ட்ரெய்லிங் ஸ்டாப்பில் விடுவதா? கேள்வி பதில்

லாபத்துல இருக்கற ட்ரேடை பாதி வித்துட்டு மீதியை ஓட விடறதா, மொத்தத்தையும் ட்ரெய்லிங் ஸ்டாப்ல விடறதா? எது பெட்டர்?

ஒரே ட்ரேடை இரண்டு விதமாகவும் நடத்திப் பார்த்துவிடலாம். 200 விலையில் 100 பங்கு வாங்குகிறோம், ஸ்டாப்லாஸ் 190. தவறிப்போனால் போவது 1000. பங்கு ஒரு நாளில் சராசரியாக ஆடும் தூரமான ஏடிஆர், 14 நாள் கணக்கில் 5. முதல் முறையில், உச்ச குளோசிங்கிலிருந்து ஏடிஆரைப் போல் 3 மடங்கு, அதாவது 15 கீழே ஸ்டாப் பின்தொடர்ந்து வருகிறது. இரண்டாவது முறையில் 220 வந்ததும் 50 பங்கை விற்றுவிட்டு, மீதி 50-ஐ அதே 15 இடைவெளியில் விடுகிறோம்.

விலை 248-ல் குளோஸ் ஆகித் திரும்புகிறது என்று வையுங்கள். ஸ்டாப் 233-ல் அடிபடும். முதல் முறையில் லாபம் 3300. இரண்டாவதில் 1000 + 1650, ஆக 2650. அதே பங்கு 222-லேயே திரும்பிவிட்டால் ஸ்டாப் 207. முதல் முறையில் கையில் வருவது 700, இரண்டாவதில் 1350.

மீதி 50 பங்குக்கு இரண்டிலும் ஒரே கதிதான். வித்தியாசமெல்லாம் 220-ல் விற்ற அந்த 50-ல் இருக்கிறது. அதை விற்காமல் வைத்திருந்தால் உச்சத்துக்கு 15 கீழே வெளியேறியிருக்கும். அந்த விலை 220-ஐத் தாண்ட வேண்டுமானால் உச்சம் 235-ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆக, 220-ல் பாதியை விற்கிறவர் '235-க்கு மேல் போகாது' என்று பந்தயம் கட்டுகிறார், தெரிந்தோ தெரியாமலோ. உங்கள் டார்கெட்டோடு உங்கள் ஸ்டாப் இடைவெளியைக் கூட்டுங்கள். பழைய ட்ரேடுகளில் டார்கெட்டைத் தொட்டவற்றில் எத்தனை அந்த எண்ணைத் தாண்டின, எவ்வளவு தூரம் தாண்டின என்று எண்ணிப் பாருங்கள். எது பெட்டர் என்பதை உங்கள் நோட்டுதான் சொல்ல முடியும்.

பாதி வித்துட்டு ஸ்டாப்பை வாங்கின விலைக்கு ஏத்திட்டா ஃப்ரீ ட்ரேட் ஆயிடுதே சார். இனி நஷ்டமே வராது, அப்புறம் எதுக்கு இவ்ளோ கணக்கு?

முதலுக்கு மோசமில்லை என்பது வரைக்கும் சரி. ஆனால் விலை 222-ல் நிற்கும்போது மீதி 50 பங்கில் இருக்கும் 1100 யாருடையது? உங்களுடையதுதான். ஸ்டாப் 200-ல் இருந்தால் அது முழுவதையும் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டீர்கள் என்று பொருள். 'ஃப்ரீ' என்ற சொல் இந்த இழப்பைக் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. தோற்கும் ட்ரேடுகள் எல்லாம் 100 பங்கோடு தோற்கின்றன. நன்றாக ஓடும் ட்ரேடோ 50 பங்கோடுதான் ஓடுகிறது. பத்து ட்ரேடில் ஐந்து 190-ல் அடிபட்டு 5000 போகிறது. நான்கு 222-ல் திரும்புகின்றன. ஒன்று 260 வரை போய் 245-ல் வெளியேறுகிறது. முழு ட்ரெய்லிங்கில் 2800 + 4500, ஐயாயிரம் கழித்தால் 2300. பாதி விற்றால் 5400 + 3250, கழித்து 3650. இங்கே பாதி விற்பதே ஜெயிக்கிறது. நான்கை மூன்றாக்கி, ஒன்றை இரண்டாக்குங்கள்: முழு ட்ரெய்லிங் 6100, பாதி விற்றால் 5550. ஒரே ஒரு ட்ரேடு இடம் மாறியதில் விடை புரண்டுவிட்டது. அதனால்தான் இவ்வளவு கணக்கு.

நான் 3% ட்ரெய்லிங் போட்டிருந்தேன். 220 போய் 212 வந்தப்போ தூக்கிட்டு, நேரா 240 போயிடுச்சு. ட்ரெய்லிங்கே வேஸ்ட்னு தோணுது.

220-க்கு 3% என்றால் 6.6, ஸ்டாப் 213.4-ல் நின்றிருக்கும். ஒரு நாளில் சாதாரணமாக 5 ஆடும் பங்குக்கு அது ஒன்றரை நாள் ஆட்டம்கூட இல்லை. 220-லிருந்து 212-க்கு வந்தது ஏறும் வழியில் எடுத்த மூச்சு. 2 மடங்கு ஏடிஆர் விட்டிருந்தால் ஸ்டாப் 210, தப்பியிருக்கும். சதவீதத்துக்குப் பங்கின் துள்ளல் தெரியாது. அமைதியான பங்குக்குப் போதுமான 3% துள்ளுகிற பங்கைக் கழுத்தை நெரித்துவிடும்.

நீங்கள் எதை உச்சமாக எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஆர்டர் திரையில் போடும் ட்ரெய்லிங் ஸ்டாப் பொதுவாக நாளின் நடுவில் வரும் உச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிடம் 224 தொட்டுவிட்டு வந்தாலே உங்கள் ஸ்டாப் 217-க்கு மேல் ஏறி நிற்கும். குளோசிங்கை வைத்து நாளுக்கு ஒரு முறை கையால் மாற்றுவது என் பழக்கம்:

```
stop = max(old_stop, highest_close - 3 * ATR)
```

அந்த `max` முக்கியம். சந்தை கலங்கும்போது ஏடிஆர் 5-லிருந்து 7 ஆகும். `max` இல்லாவிட்டால் ஸ்டாப் கீழே இறங்கிவிடும்.

குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். குளோசிங்கை மட்டும் நம்பினா, ஒரே நாள்ல 15 பாயிண்ட் சரியும்போது சாயங்காலம் வரை பார்த்துக்கிட்டே இருக்கணுமா?

நியாயமான ஆட்சேபம். உச்சத்தைக் குளோசிங்கில் அளந்தாலும், ஸ்டாப் ஆர்டரைச் சந்தையில் போட்டே வைக்கிறேன். உச்ச குளோசிங் 220 என்றால் ஸ்டாப் 205, அதைத் தொட்டால் அப்போதே விற்றுவிடும். வெளியேறுவதற்கும் குளோசிங் வரை காத்திருக்கும் நல்ல ட்ரேடர்கள் உண்டு. அவர்கள் போலிச் சரிவுகளில் தப்புகிறார்கள், நிஜச் சரிவில் கூடுதலாக இழக்கிறார்கள். இதில் எனக்குத் தீர்மானமான பதில் இல்லை.

எங்கிட்ட ஒரே ஒரு லாட்தான். பாதி எப்படி விக்கறது?

முடியாது. இடைவெளியைப் படியாகச் சுருக்கலாம்: 220 குளோஸ் ஆகும்வரை 15, அதன் பின் 10. 222-ல் திரும்பினால் 207-க்குப் பதில் 212-ல் வெளியேறுவீர்கள். ஆனால் 12 பாயிண்ட் மூச்சு வாங்கும் ட்ரெண்ட் உங்களைக் கழற்றிவிட்டுப் போய்விடும். 220 தொட்டதுமே 7-க்குச் சுருக்கினால், மேலே 3%-ல் நடந்ததுதான் நடக்கும்.

எனக்கு ஒரு பங்கு 30% நஷ்டத்துல கிடக்கு. பாதி வித்துட்டு மீதிக்கு ட்ரெய்லிங் போடலாமா?

இங்கே பேசுவது கையில் இருக்கும் லாபத்தைக் காப்பதைப் பற்றி. உங்கள் பங்கில் பின்தொடர்ந்து மேலே போக இன்னும் எதுவும் இல்லை. வாங்கிய காரணம் எந்த விலையில் செத்துப்போகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். அந்த விலை ஏற்கெனவே தாண்டிப்போயிருந்தால் பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ராத்திரி கெட்ட செய்தி வந்து காலையில கேப் டவுன்ல திறந்தா, ரெண்டுல எது காப்பாத்தும்?

விற்ற பாதி மட்டும்தான். 222 குளோஸ், ஸ்டாப் 207, மறுநாள் 195-ல் திறக்கிறது. ஸ்டாப் ஆர்டர் மார்க்கெட் ஆர்டராக மாறி 195-க்கு அருகே விற்கும், 207 கிடைக்காது. முழு ட்ரெய்லிங்கில் 500 நஷ்டம், பாதி விற்றவருக்கு 750 லாபம். 207-ல் ஸ்டாப் லிமிட் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: விலை லிமிட்டுக்கு மேலே வராதவரை விற்கவே விற்காது. ஆகவே ரிசல்ட் போன்ற தேதி தெரிந்த நிகழ்வுக்கு முந்தைய நாளில் மட்டும், 235 கணக்கு என்ன சொன்னாலும் கொஞ்சம் குறைத்துவிடுவேன்.

பாதி வித்தேன், ஸ்டாப்பும் அடிச்சது. இப்ப அக்கவுண்ட்ல மைனஸ் 50 காட்டுது. ஏன்?

50-ஐ விற்றபோது ஸ்டாப் ஆர்டரின் அளவை 100-லேயே விட்டுவிட்டீர்கள். அது 100-ஐயும் விற்று, இல்லாத 50 பங்கை ஷார்ட் ஆக்கிவிட்டது. முதலில் அந்த 50-ஐ வாங்கி மூடுங்கள், காரணத்தைப் பிறகு ஆராயலாம். அடுத்த முறை ஆரம்பத்திலேயே 50, 50 என இரண்டு ஸ்டாப் ஆர்டராகப் போடுங்கள். டார்கெட் ஆர்டரையும் முதல் ஸ்டாப்பையும், ஒன்று நிறைவேறினால் மற்றது தானே ரத்தாகும்படி இணைத்துவிடுங்கள்.