கார்டில் தெரியாத பெயரில் பணம் போனால்: டிஸ்ப்யூட் கேள்வி பதில்

*வங்கி ஒன்றின் கார்டு டிஸ்ப்யூட் மேசையில் பல வருடம் இருந்தவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.*

அக்கா, சனிக்கிழமை ராத்திரி ஏதோ வெளிநாட்டு சைட்டில் 11,240 ரூபாய் போயிருக்கு. ஓடிபி வரவே இல்லை. திங்கட்கிழமை பேங்க்குக்குப் போய்ச் சொன்னால் போதுமா?

அதுவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே ஆப்பிலோ கஸ்டமர் கேர் எண்ணிலோ கார்டை பிளாக் செய்து, புகார் எண் வாங்கிவிடுங்கள். சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் ஒரு போன். அப்புறம் ஒரு நிமிடம் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் கடைப் பெயருக்குப் பதில் அதன் தாய் நிறுவனத்தின் பெயர் வரும். என்னிடம் "மோசடி" என்று வந்தவற்றில் நிறைய, வீட்டில் யாரோ போட்ட சந்தாவாகத்தான் இருந்தன.

நாள் கணக்கு ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி. உங்கள் பக்கம் தவறில்லாமல் தகவல் வெளியே கசிந்திருந்தால், மெசேஜ் வந்த நாளை விட்டுவிட்டு 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7-க்குள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டில் அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில் விழலாம். அதற்கும் மேலே போனால் அந்தந்த வங்கியின் கொள்கை.

ஓடிபி இல்லாமல் போனால் அது பேங்க்கோட தப்புதானே? உடனே அவங்களே தரணும்னு சட்டம் இருக்கு.

பாதி சரி. புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவும் சொல்ல வேண்டும். ஆனால் தற்காலிக வரவைப் பார்த்துவிட்டு ஜெயித்தாயிற்று என்று நினைக்காதீர்கள். விசாரணை உங்களுக்கு எதிராக முடிந்தால் அது திரும்பிப் போகும்.

ஓடிபி கேட்காததும் வங்கியின் தப்பு என்று சொல்லிவிட முடியாது, வெளிநாட்டுக் கடைகள் பல கேட்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதுதான் உங்களுக்குச் சாதகம். கடை அந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் பணம் எடுத்திருந்தால், மோசடிப் பொறுப்பு பெரும்பாலும் கடையின் மேல். சரிபார்த்து எடுத்திருந்தால் பொறுப்பு கார்டு கொடுத்த வங்கிக்கு மாறிவிடும். அப்போது மோசடி என்ற பெயரில், கடையிடமிருந்து பணத்தைத் திருப்பி எடுக்கும் சார்ஜ்பேக் ஓடாது. மீதி வழக்கு உங்களுக்கும் வங்கிக்கும் இடையில்.

அந்தக் கடைக்காரன் ஒத்துக்கலைன்னா?

மேலே சொன்ன 11,240 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் டிஸ்ப்யூட் படிவத்தில் கையெழுத்திட்டதும், உங்கள் வங்கி அந்தப் புகாரை அதற்கான காரணக் குறியீட்டோடு விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் வழியாக அனுப்பும். விசாவில் மோசடிக்கு 120 நாள் வரை அவகாசம். கடையின் வங்கியிடமிருந்து பணம் பிடிக்கப்படும், அந்த வங்கி கடையிடம் கேட்கும். கடை பேசாமல் இருந்தால் அங்கேயே முடிந்தது.

எதிர்த்தால் ஆதாரம் அனுப்பும். விசாவில் 2023 ஏப்ரலிலிருந்து ஒரு கூர்மையான ஆயுதம் கடைக்கு உண்டு: அதே கார்டில் அதே கடையில், 120 முதல் 365 நாட்களுக்கு முந்தைய, நீங்கள் மறுக்காத இரண்டு வாங்கல்களைக் காட்டி, ஐபி முகவரியோ கருவியோ உட்பட இரண்டு விவரங்களாவது பொருந்துகின்றன என்று நிரூபித்தால் மோசடி வாதம் நிற்காது. அதனால்தான் "இந்தக் கடையில் முன்பு வாங்கியதுண்டா?" என்று நாங்கள் குடைந்து கேட்பது. மறைத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகும் இரு வங்கிகளும் விடவில்லை என்றால் நெட்வொர்க் தீர்ப்பு சொல்லும். அங்கே தோற்றவர் கட்டணமும் கட்ட வேண்டும், ஆகவே சின்னத் தொகைக்கு யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள்.

எனக்கும் இதே கேஸ்தான் மேடம். ஷூ ஆர்டர் போட்டேன், வரவே இல்லை. மோசடின்னு போட்டுடட்டுமா?

இல்லை, இது வேறு கேஸ். ஆர்டர் போட்டது நீங்கள்தானே? மோசடி என்று எழுதினால் கார்டு வீணாக பிளாக் ஆகும்; கடை உங்கள் லாகின் விவரத்தைக் காட்டும், தோற்பீர்கள். "பொருள் வரவில்லை" என்ற காரணத்தில் போடுங்கள். முதலில் கடைக்கு மெயில் எழுதி, அந்தப் பதிலையும் டெலிவரி தேதியையும் இணையுங்கள்.

டிஸ்ப்யூட் ஓடும்போது பில் கட்டணுமா?

மற்ற செலவுகளைக் கட்டாயம் கட்டுங்கள். மோசடி என்று புகார் செய்த தொகைக்கு மட்டும் முடிவு வரும்வரை வட்டியோ கட்டணமோ போடக்கூடாது. போட்டிருந்தால் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

அப்பா போனில் யாரோ கேட்டதுக்கு ஓடிபி சொல்லிட்டார். 3 நாளுக்குள்ள புகாரும் கொடுத்துட்டோம். கிடைக்குமா?

விதிப்படி, புகார் செய்யும் நேரம் வரை போனது அவர் நஷ்டம், அதற்குப் பின் போனது வங்கியுடையது. 3 நாள் கணக்கு இங்கே உதவாது. 1930-இல் சீக்கிரம் சொல்லியிருந்தால் பணம் இன்னொரு கணக்கில் முடக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு, அதை விசாரியுங்கள். ஓடிபியை வாயால் சொல்லாமல் போலிப் பக்கத்தில் தட்டியிருந்தால் அது கவனக்குறைவா, ஏமாற்றப்பட்டதா? வங்கிகள் கவனக்குறைவு என்றுதான் சொல்லும். வாடிக்கையாளர் பொறுப்பை நிரூபிக்க வேண்டியது வங்கிதான் என்று அதே விதியில் இருக்கிறது. அதைச் சுட்டி எழுதிப் பாருங்கள். எப்படி முடியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.